பில்லில் உள்ள பொன்னும் கழுத்தில் உள்ள பொன்னும்

சென்னைத் தியாகராய நகரிலோ மதுரைத் தெற்காவணி மூல வீதியிலோ ஒரு நகைக்கடைக்குள் நுழைகிறவர், சுவரில் ஒளிரும் பலகையில் அன்றைய பவுன் விலையைப் படித்து, கையில் உள்ள பணத்தை அதனால் வகுத்து, இத்தனை பவுனுக்கு நகை வாங்கலாம் என்று மனத்துக்குள் ஒரு நிர்ணயம் செய்துகொள்வது வழக்கம். பில் போடும் மேஜைக்கு வந்ததும் அந்த நிர்ணயம் அநேகமாகக் குலைந்துபோகிறது. பலகையில் எழுதியிருப்பது உலோகத்தின் விலை. அவர் வாங்குவதோ ஆபரணம். இரண்டுக்கும் நடுவே சேதாரம், செய்கூலி, வரி என்ற மூன்று சேர்க்கைகள் நிற்கின்றன. இவற்றுள் வரியை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. மற்ற இரண்டையும் கடைக்காரர் நிர்ணயிக்கிறார்.

பலகை விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு சுத்தமான தங்கமுள்ள உலோகத்துக்குரிய விலை அது. உலகச் சந்தையின் போக்கு, டாலருக்கு நாம் கொடுக்கும் ரூபாய், 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இறக்குமதித் தீர்வை போன்றவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. நாள்தோறும் அறிவிக்கப்படும் இந்த விலை ஓர் ஊரின் கடைகளுக்குள் அதிகம் வித்தியாசப்படுவதில்லை. ஆகையால் ஒரு கடைக்கும் மற்றொரு கடைக்கும் உள்ள உண்மையான பேதத்தைப் பலகையில் தேடிப் பயனில்லை.

சேதாரம் என்பது ஒரு காலத்தில் முற்றிலும் நியாயமான கணக்கு. ஆசாரி தம் குமுட்டியின் முன் அமர்ந்து, தங்கத்தை மூசையிலிட்டு உருக்கி, தட்டி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாக வெட்டி, பற்றாசு வைத்து ஊதி ஒட்டி, அரத்தால் ராவி, கடைசியில் மெருகேற்றும் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பொன் தூளாகவும் துகளாகவும் பிரிந்துபோகும். அவர் அதைச் சிந்தவிடாமல் சேகரிக்கத்தான் செய்வார். ஆயினும் ஒரு சிறு பகுதி தரையிலும் துணியிலும் கழுவுநீரிலும் போய்விடும். பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுத்துப் பிழைக்கும் ஜனங்கள் இருந்தார்கள் என்றால், அந்த நஷ்டம் கற்பனையன்று என்பது விளங்கும். பத்துக் கிராம் நகைக்குப் பதினொரு கிராம் பொன் தேவைப்பட்டது என்று ஆசாரி சொன்னால், அந்த ஒரு கிராமை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வது சம்பிரதாயமாயிற்று.

இன்று சங்கிலிகளிற் பெரும்பகுதியை இயந்திரம் பின்னுகிறது. மோதிரமும் பதக்கமும் அச்சில் வார்க்கப்படுகின்றன. பட்டறையின் தூசி வடிகட்டப்பட்டு, கழுவுநீர்கூட வண்டலுக்காகத் தேக்கப்பட்டு, பொன்னில் மிகப் பெரும்பகுதி உலைக்குத் திரும்புகிறது. இவ்வளவுக்குப் பிறகும் பில்லில் சேதாரம் 8 சதவீதம், 14 சதவீதம், வேலைப்பாடு மிகுந்த ஆரங்களில் 20 சதவீதத்துக்கும் மேல் என்று இருக்கிறதென்றால், அது தூளாகப் போன பொன்னின் கணக்கு அன்று. கடையின் வாடகையும் விளம்பரமும் சிப்பந்திகளின் சம்பளமும் முதலாளியின் லாபமும் பழைய பெயரைப் போர்த்திக்கொண்டு வருகின்றன என்பதே என் அபிப்பிராயம். லாபம் வாங்குவது குற்றமாகாது. ஆனால் லாபத்தைப் பொன்னின் எடையாகக் கணக்கிடும்போது ஒரு விசித்திரமான விளைவு உண்டாகிறது. அதை ஓர் உதாரணத்தால்தான் காட்ட முடியும்.

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்க விரும்புவது கல் இல்லாத இரண்டு பவுன் சங்கிலி. எடை 16 கிராம். பலகைக் கணக்குப்படி 1,60,000 ரூபாய். முதற் கடையில் ‘செய்கூலி இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சேதாரம் மாத்திரம் 14 சதவீதம். இரண்டாவது கடையில் சேதாரம் 8 சதவீதம். செய்கூலி கிராமுக்கு 500 ரூபாய். இரண்டு சங்கிலிகளும் ஒரே மாதிரி, ஒரே தரம்.

முதற் கடையில் 16 கிராமுக்கு 14 சதவீதம் 2.24 கிராம், அதன் விலை 22,400. கழுத்துக்கு வராத அந்தப் பொன்னையும் சேர்த்தால் 1,82,400 ஆகிறது. ஜி.எஸ்.டி. 3 சதவீதம் உலோகத்தின்மேல் மட்டும் அல்ல, இந்த மொத்தத் தொகையின்மேலேயே விதிக்கப்படும். ஆகவே வரி 5,472. கையை விட்டுப் போவது 1,87,872 ரூபாய். இரண்டாவது கடையில் சேதாரத்துக்கு 12,800, செய்கூலிக்கு 8,000, இரண்டையும் சேர்த்து 1,80,800, வரி 5,424, ஆக 1,86,224 ரூபாய். செய்கூலி வாங்காத கடையைவிடச் செய்கூலி வாங்கும் கடையில் 1,648 ரூபாய் குறைவு! (நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதற்குரிய வரியுமான ஹால்மார்க் கட்டணம் இரண்டுக்கும் பொதுவாகையால் விட்டுவிட்டேன்.)

இத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. இதே இரண்டு கடைகள், இதே நிபந்தனைகளுடன், தங்கம் கிராம் 5,000 ரூபாய் விற்ற நாளில் இருந்திருந்தால், வரிக்கு முன் முதற் கடையில் 91,200 ரூபாயும் இரண்டாவதில் 94,400 ரூபாயும் ஆகியிருக்கும். அதாவது அன்று முதற் கடையே மலிவு. கிராம் விலை ஏறத்தாழ 8,333 ரூபாயைத் தொடும்போது இரண்டும் சமமாகி, அதற்குமேல் ஏற ஏற முதற் கடை மேலும் மேலும் விலை உயர்ந்ததாகிறது. காரணம் வெளிப்படை. ரூபாயில் பேசப்பட்ட கூலி நின்ற இடத்தில் நிற்கிறது. சதவீதத்தில் பேசப்பட்ட சேதாரமோ தங்கத்தின் விலையோடு கைகோத்து ஏறுகிறது. தங்கம் இரு மடங்கு விலை ஏறினால் சங்கிலியைப் பின்னும் உழைப்பு இரு மடங்காகிறதா, தூள்தான் இரு மடங்கு சிந்துகிறதா? இரண்டும் இல்லை, ஆனால் சேதாரத் தொகை இரு மடங்காகிவிடுகிறது. தங்கம் விலை ஏறும் காலத்தில், ‘செய்கூலி இல்லை’ என்ற அறிவிப்பைவிடச் சேதார சதவீதம் என்ன என்ற கேள்வி முக்கியமானதாவது இதனால்தான். ‘சேதாரத்தில் பாதி தள்ளுபடி’ என்ற பண்டிகைக்கால அறிவிப்புக்கும் இது பொருந்தும்: 20 சதவீதத்தில் பாதி 10 சதவீதம், அது நம் இரண்டாவது கடை தள்ளுபடியின்றியே வாங்கும் 8 சதவீதத்தைவிட அதிகம்.

கடைகளை ஒப்பிடுவதற்கு ஒரே ஓர் எண் போதும். வரி உட்பட மொத்தத் தொகையை, நகையில் உள்ள பொன்னின் நிகர எடையால் வகுக்க வேண்டும். முதற் கடையில் அது கிராமுக்கு 11,742 ரூபாய், இரண்டாவதில் 11,639. பலகையில் 10,000 என்று இருந்தது வாஸ்தவத்தில் இவ்வளவு. இந்த எண்ணுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு: பலகை விலை இந்த அளவுக்கு உயர்ந்த பிறகுதான், சங்கிலியை விற்கப் போகிறவருக்குப் போட்ட முதலாவது திரும்பும்.

நிகர எடை என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் கல் பதித்த நகைகள். அட்டிகையையோ ஜிமிக்கியையோ தராசில் வைத்தால் தெரிவது கல்லும், சிலவற்றில் உள்ளே அடைத்த அரக்கும் சேர்ந்த மொத்த எடை. ஒன்றரைக் கிராம் கல்லைக் கழிக்காமல் பொன் விலை போட்டால், சில நூறு ரூபாய்கூடப் பெறாத கண்ணாடிக் கல்லுக்கு 15,000 ரூபாயும், அதன்மேல் சேதாரமும், அதன்மேல் வரியும் கொடுத்ததாகும். விற்கப்போகும் நாளில் அதே கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை பார்ப்பார்கள். ஹால்மார்க் நகைக்குக் கொடுக்கும் பில்லில் பொன்னின் நிகர எடையும் தரமும் ஹால்மார்க் கட்டணமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. சேதாரத்தை மொத்த எடையின்மேல் போட்டிருக்கிறார்களா, நிகர எடையின்மேலா என்பதை அந்தப் பில்லைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். நகையில் பொறித்துள்ள எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டால் தரம் தெரியும்; விலை நியாயமா என்பதை அந்தக் குறி சொல்லாது.

தங்கத்தைக் காசாக வாங்கி ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டால் வரி குறையுமே என்று யோசிப்பவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் சொந்தப் பொன்னில் நகை செய்து கொடுப்பதற்குக் கூலியின்மேல் மாத்திரம் 5 சதவீதம் வரி என்பது மெய்தான். நம் இரண்டாவது கடையின் சேதாரமும் செய்கூலியுமான 20,800 ரூபாயையே கூலியாக வைத்துக்கொண்டாலும் வரி 1,040தான். ஆனால் 1,60,000 ரூபாய்க்குக் காசு வாங்கும்போதே 3 சதவீதமாக 4,800 ரூபாய் வரி கட்டியாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து 5,840. கடையில் நேரே வாங்கினால் 5,424. லாபம் எதுவும் இல்லை. பாட்டி காலத்துப் பொன் பெட்டியில் கிடந்தால்தான் இந்த வழி பயன்படும்.

அந்தப் பழைய பொன்னைப் பெரும்பாலோர் ஆசாரியிடம் கொண்டுபோவதில்லை. கடையில் கொடுத்துப் புது நகையாக மாற்றிக்கொள்கிறார்கள். ‘பழைய நகைக்கு அன்றைய விலை முழுவதும் தருகிறோம்’ என்று ஒரு கடை சொல்லி, சொன்னபடியே தருவதாகவும் வைத்துக்கொள்வோம். வரி, பழையது கழித்த பாக்கித் தொகைக்கு அன்று, புது நகையின் முழு விலைக்கு. ஆகையால் முதற் கடைச் சங்கிலியைக் கொண்டுபோய் அதே எடையுள்ள வேறொரு சங்கிலியாக மாற்றினால், சேதாரமும் வரியும் மறுபடி முளைத்து, 27,872 ரூபாய் கையிலிருந்து போகும். வீட்டில் சேரும் பொன் ஒரு குன்றிமணிகூட அதிகமாவதில்லை. தங்கத்தின் விலை அசையாமல் நின்றாலும், இப்படி ஆறு முறை மாற்றினால் 1,67,232 ரூபாய் ஆகிறது. அது அந்தச் சங்கிலியில் உள்ள பொன்னின் முழு விலையையும் தாண்டிய தொகை. சங்கிலி அறுந்துவிட்டது, கொக்கி தேய்ந்துவிட்டது என்பவையே காரணமானால், பற்றாசு வைத்து ஒட்டித் தரும் ஆசாரி இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.