ஒரு மில்லிமீட்டர் போதும்

மேலுதடு மெலிந்தவர்களுக்கு லிப்ஸ்டிக் ஒரு சங்கடமான பொருள். அடர் நிறமாகப் போட்டால் முகத்தின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி இருக்கும். வெளிர் நிறமாகப் போட்டால் உதடே காணாமல் போய்விடும். தோல் மருத்துவமனைக்குப் போய் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அது மாதக்கணக்கில் கரைந்துவிடும், மறுபடியும் போடவேண்டும், செலவும் உண்டு. அபூர்வமாக மருந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டால் அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டியிருக்கும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கிற வழி ஒரு லிப் லைனர் பென்சில். உதட்டின் சொந்த ஓரத்துக்குக் கொஞ்சம் வெளியே கோடு வரைந்து, உள்ளே நிறம் நிரப்புகிற இந்த வேலையைப் பார்லர்களில் ஓவர்லைனிங் என்கிறார்கள்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நடுவில் 4 மில்லிமீட்டர் உயரமுள்ள மேலுதட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு வெளியே 1 மில்லிமீட்டர் சேர்த்தால் உதடு கால் பங்கு பெரிதாகிவிடுகிறது. அதே 1 மில்லிமீட்டரை ஏற்கெனவே பருத்த உதட்டில் சேர்த்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மெல்லிய உதட்டுக்குக் கிடைக்கும் சலுகை இது: சிறிய மாற்றமே பெரிதாகத் தெரியும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 2 மில்லிமீட்டர் போனால் உதடு பாதிக்குப் பாதி கூடிவிடும், பார்க்கிறவர்களுக்குச் சாயம்தான் முதலில் கண்ணில் படும்.

இந்த எல்லைக்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் நின்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். உதட்டின் சிவப்பு முடிகிற இடத்துக்கு ஒட்டினாற்போல, வயல் வரப்பு மாதிரி மெல்லிய மேடு ஒன்று ஓடும். மேலுதட்டில் அது நன்றாகத் தெரியும். வெளிச்சத்தை முதலில் வாங்குவது அந்த மேடுதான். சிவப்பு அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கிற வரைக்கும் கண் அதை உதடு என்றே நம்புகிறது, ஏனென்றால் உதடு மாதிரியே அது வளைந்து நிற்கிறது. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கினால் நிறம் தட்டையான தோலில் உட்காரும். அப்புறம் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது தோலில் வரைந்த படம்தான். வயதாக ஆக இந்த மேடு தணிந்துபோகும், சிலருக்குப் பிறவியிலேயே மங்கலாக இருக்கும். அவர்களுக்கு 1 மில்லிமீட்டர்கூட அதிகம். கோட்டை ஓரத்தின் மேலேயே வைத்துத் தடிமனாக இழுத்தால் போதும்.

இன்னொரு எல்லை வாயின் இரு ஓரங்களில். ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் மௌனப்பட நடிகைகளுக்கு ஒப்பனை செய்த காலத்தில், ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் உதட்டுச் சாயம் உருகி வாய் ஓரங்களில் வழியும். அதனால் அவர் ஓரங்களை விட்டுவிட்டு, மேலுதட்டில் இரண்டு கட்டைவிரல் ரேகை, கீழுதட்டில் ஒன்று என்று நடுவில் மட்டும் சாயம் வைத்தார் என்பார்கள். நெஞ்சைக் கவ்வுகிற அந்தக் குட்டி வாய்தான் அன்றைய பாணி. பிறகு 1930களில் ஜோன் க்ராஃபோர்டுக்கு அவர் நேர்மாறாகச் செய்தார்: சொந்த உதட்டைத் தாண்டி, ஓரம் முதல் ஓரம் வரை அகலமாகச் சாயம் தீட்டினார். க்ராஃபோர்டின் முகத்துக்கு அது எடுபட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு எடுபடாது. ஓரங்களில் உதடு இயல்பாகவே ஊசிமுனையாக முடிகிறது. அங்கே வெளியே வரைந்தால் வாய் அகன்று கீழே தொங்கிய மாதிரி ஆகும். பேசும்போதும் சாப்பிடும்போதும் அந்த மூலை மடிந்து நிமிர்வதால் முதலில் கலைவதும் அங்கேதான். எனவே உதட்டை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டு, நடுப்பங்கில் மட்டும் வெளியே போவது நல்லது. இரு பக்கமும் கோடு மெல்ல உள்ளே வந்து, ஓரத்தில் சொந்தக் கோட்டோடு சேர்ந்துவிட வேண்டும்.

கல்லூரியில் பாடம் நடத்தும் என் சித்தப்பா மகளுக்கு வரவேற்பு நாளன்று இதைச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவளுக்கு மேலுதடு மெலிவு, கீழுதடு ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. மேக்கப் பெண் வந்ததும் முதலில் லிப் பாம் தடவிவிட்டுக் கண் மேக்கப்புக்குப் போய்விட்டாள். கடைசியில் உதட்டுக்கு வந்தபோது பாமை டிஷ்யூவால் சுத்தமாகத் துடைத்தாள். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பென்சில் பிடிக்காது. பிறகு உதட்டின் ஓரத்தோடு சேர்த்து ஃபவுண்டேஷனை மெல்லியதாக ஒற்றினாள். சொந்தக் கோடு மங்கினால்தான் புதுக்கோடு பேசும்.

எங்கள் அக்கா, எல்லாரும் செய்கிற மாதிரி, உதட்டை இழுத்துக் காட்டினாள். மேக்கப் பெண் பென்சிலை எடுத்துவிட்டாள். “அக்கா, ஈன்னு இழுக்காதீங்க. வாயை லேசாத் தொறந்து அப்படியே தொங்க விடுங்க” என்றாள். இழுத்த உதட்டில் வரைந்த கோடு, உதடு பழைய நிலைக்கு வந்ததும் நெளிந்துவிடும், அதுதான் காரணம்.

முதல் கோடு மேலுதட்டின் நடுப் பள்ளத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் மேல் இரு முனைகளும் உதட்டின் இரு சிகரங்களாயின. சிகரங்களை அவள் அதிகம் உயர்த்தவில்லை. பள்ளத்தைத்தான் அரை மில்லிமீட்டர் தூர்த்தாள். மெலிந்த உதட்டில் பள்ளம் ஆழமாக இருந்தால் மேலுதடு நடுவில் இல்லாத மாதிரியே தெரியும், அதைத் தூர்த்ததும் உதடு பாதி வந்துவிட்டது. ஆனால் முழுக்கத் தூர்த்தால் வில் வளைவு போய், மேலுதடு ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் கீழுதட்டின் நடுவில், சிகரங்களுக்கு இடையே உள்ள அகலத்துக்கு மட்டும், ஒரு சின்னக் கோடு. கீழுதடு ஏற்கெனவே பருத்தது என்பதால் அங்கே வெளியே போகவே இல்லை. இரண்டு உதட்டையும் ஒரே அளவு பெருக்கினால் மேலுதட்டின் குறை அப்படியே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிக் குட்டிக் குட்டிக் கீற்றுகள். ஒரே இழுப்பில் கோடு போடவே இல்லை.

கோடு முடிந்ததும் அதே பென்சிலால் உள்பக்கமும் உரசி நிரப்பினாள். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நிரப்பாமல் விட்டால், சாப்பிட்ட பிறகு நடுவில் லிப்ஸ்டிக் போய்ச் சுற்றிக் கோடு மட்டும் வளையமாக நிற்கும். லிப்ஸ்டிக்கை நடுவில் தொடங்கி ஓரத்துக்கு விரலால் தட்டினாள். கிளாஸ் கீழுதட்டின் நடுவில் ஒரு துளி மட்டும். கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழியில் பழுப்புப் பவுடரைக் கொஞ்சம் ஒற்றினாள். அங்கே நிழல் கூடினால் மேலே உதடு முன்னால் வந்த மாதிரி தெரியும். ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு நிகரான வேலையை அந்த நிழல் செய்கிறது.

நிறத் தேர்வில் நம் ஊர்த் தோலுக்கென்று ஒரு விஷயம் உண்டு. நம்மில் பலருக்கு மேலுதடு கருப்பு கலந்த பழுப்பு, கீழுதடு இளஞ்சிவப்பு. வாயைச் சுற்றிய தோலும் மற்ற முகத்தைவிடக் கருத்திருக்கும். வெள்ளைத் தோலுக்காகச் செய்த ‘நியூட்’ பென்சிலை இதன்மேல் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்து, கோடு எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மேலுதட்டின் சொந்த நிறத்தையே அளவுகோலாக வைத்து, அதற்கு ஒரு படி அடர்ந்த சிவப்புப் பழுப்பை எடுத்தால் கோடு நிழல் மாதிரி கலந்துவிடும். அதைவிட அடர்ந்து போனால் 1990களின் கரும்பழுப்பு வளையம் வந்து நிற்கும். அந்தப் பாணி இப்போது திரும்பியிருக்கிறது, பிடித்தவர்கள் போடலாம். ஆனால் அது உதட்டைப் பெரிதாக்குகிற வேலை அல்ல, கோட்டைக் காட்டுகிற வேலை.

வெயிலில் இன்னொரு தொல்லை. உதட்டின் சிவப்புப் பகுதியில் வியர்வைச் சுரப்பி இல்லை, முடியும் இல்லை. நாம் வெளியே வரைகிற அந்த 1 மில்லிமீட்டரோ சாதாரணத் தோல். அது வியர்க்கும், எண்ணெய் விடும், பூனைமுடியும் இருக்கும். ஆகவே முதலில் நழுவுவது அந்தப் பகுதிதான். வியர்த்ததும் முடிகளில் நிறம் துணுக்குத் துணுக்காகத் தொங்குவதை நெருங்கிப் பார்த்தால் காணலாம். மெழுகு அதிகமுள்ள, காய்ந்த பென்சில் இங்கே தாங்கும். வெண்ணெய் மாதிரி வழுக்குகிற ஜெல் பென்சில் கல்யாண மண்டபச் சூட்டுக்கு ஆகாது. கோட்டின்மேல் ஒற்றை மடிப்பு டிஷ்யூவை வைத்து, அதன் மேலாகப் பவுடரைத் தட்டினால் சில மணி நேரம் நிற்கும். கிளாஸ் கோட்டைத் தொடவே கூடாது. தோல் பளபளத்தால் அது உதடு இல்லை என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை சரியாக வந்ததா என்று பார்க்க அந்தப் பெண் கண்ணாடியைக் காட்டவில்லை. மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து, “மாமா, பாப்பா”ன்னு சொல்லச் சொன்னாள், பிறகு சிரிக்கச் சொன்னாள். சிரிக்கும்போது மேலுதடு இழுபட்டு மெலியும். அப்போது கோடு உதட்டை விட்டுத் தனியே மேலே நின்றால் வரம்பு தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். இந்த உத்தியின் பலவீனம் அந்தக் கோணம்தான். முன்னாலிருந்து எடுக்கிற படத்தில் எல்லாம் பொருந்தும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உதடு பழைய உதடுதான். பென்சில் நிறத்தைத் தருமே தவிரக் கனத்தைத் தராது.

கைலி ஜென்னர் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 2014, 2015 வாக்கில் அவருடைய உதட்டைப் பார்த்து உலகம் முழுக்கப் பெண்கள் லைனர் வாங்கினார்கள். அவரும் ஓவர்லைனிங்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2015 மே மாதம், ஃபில்லர் போட்டிருப்பதைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் லைனரும் லிப்ஸ்டிக்கும் சேர்ந்த பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார், அது நிமிடங்களில் தீர்ந்தது. பென்சிலால் அந்த உதடு வராது என்பது தெரிந்த பிறகும் பென்சில் விற்றது. அவருடைய பக்கவாட்டுப் படத்தைக் காட்டி “இதே மாதிரி வேணும்” என்று பார்லரில் கேட்கிறவர்களுக்கு அழகுக்கலைஞர் என்ன பதில் சொல்ல முடியும்?

உதட்டுக்கு மேலே செங்குத்துச் சுருக்கங்கள் விழுந்துவிட்டவர்கள் வெளியே வரையாமல் இருப்பது மேல். நிறம் அந்தச் சுருக்கங்கள் வழியே மேலேறிக் கீற்றுக் கீற்றாக நிற்கும். பார்லரில் பென்சில் பொதுவாக இருந்தால் உங்கள் கண் முன்னே சீவித் துடைத்த பிறகு தொடச் சொல்லுங்கள். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் இப்படியும் பரவலாம். இரவில் கலைக்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெயை விரலால் தடவி, அரை நிமிஷம் ஊறவிட்டுப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் அந்த ஓரத்துத் தோல் நாளடைவில் கருத்துப்போகும். ஓரம் கருத்தால் உதட்டின் சொந்தக் கோடு மங்கும், அடுத்த முறை பென்சிலை எங்கே வைப்பது என்பதே குழப்பமாகிவிடும்.