‘பின் நம்பர் சொல்லு மச்சான்!’ - நட்பு கெடாமல் மறுப்பது எப்படி?

சேரப்பணஞ்சேரியில் ஒரு வாடகை அறை. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நைட் ஷிஃப்ட் முடிந்து படுத்தவரை நண்பர் எழுப்புகிறார். “மச்சான், என் போன் டிஸ்பிளே போச்சு. அம்மாவுக்கு அவசரமா ரெண்டாயிரம் அனுப்பணும். நீ தூங்கு, உன் ஜிபே பின்னை மட்டும் சொல்லு.”

சொன்னால் ஆபத்து. சொல்லாவிட்டால், ‘ஒரே தட்டில் சாப்பிடுறோம், என்னை நம்பலையா?’ என்ற கேள்வி வரும். என்ன செய்வது?

முதலில், இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள பெங்களூருவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

கணவர் என்றாலும் அதே கதை

2013 நவம்பரில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் ஏ.டி.எம் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து, 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். ஸ்லிப் வந்தது, பணம் வரவில்லை. ஆனால், கணக்கில் பணம் கழிந்துவிட்டது. வங்கி கேமராவைப் பார்த்தது. மெஷின் முன் நின்றது கார்டுக்கு உரியவர் இல்லை. ‘பின் நம்பரை வேறொருவருக்குச் சொன்னது விதிமீறல்’ என்றது வங்கி. நுகர்வோர் நீதிமன்றம் 2018-ல் அதையே ஏற்றுக்கொண்டது. பணம் திரும்பவில்லை.

அங்கே கணவர் யாரையும் ஏமாற்றவில்லை. கோளாறு மெஷினில். ஆனாலும், பின் கைமாறியதால் புகாரே நிற்கவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியும் இதையே சொல்கிறது. பாஸ்வேர்டு, பின் போன்றவற்றை நாமே பகிர்ந்து நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுவதும் நம்முடையது. நண்பர் நல்லவர் என்பதால் இந்த விதி மாறாது.

‘உனக்கு’ வேண்டாம், ‘யாருக்கும்’ போதும்

“உனக்குச் சொல்ல மாட்டேன்” என்றால் சுருக்கென்று குத்தும். “நான் யாருக்குமே சொல்றதில்லடா, எங்க வீட்லகூட” என்றால் குத்தாது. முன்னது அவரைப் பற்றிய தீர்ப்பு. பின்னது உங்கள் பழக்கம்.

அதே மூச்சில் அவர் தேவையைக் கையில் எடுங்கள். “அம்மா நம்பரைச் சொல்லு, நானே இப்ப அனுப்பிடறேன்.” அவருக்கு வேண்டியது பணம் போய்ச் சேர்வது, உங்கள் பின் அல்ல.

“மறந்துபோச்சு”, “ஆப் வேலை செய்யல” என்று பொய் சொல்ல வேண்டாம். “மாத்திக்கலாம், கொடு” என்று போனை வாங்கிவிடுவார். பொய் வெளிப்பட்டால்தான் உண்மையில் மனம் கசக்கும்.

கம்பெனியில் சீனியர் கேட்டால்?

ஷிஃப்ட் மாறும் நேரம். “என் ஐடி லாக் ஆயிடுச்சு தம்பி, உன் ஐடியில என்ட்ரி போட்டுக்கறேன்” என்கிறார் சீனியர். உங்கள் ஐடியில் பதிவானால், அந்தப் பாகத்தைச் சோதித்தவர் நீங்கள் என்றே பதிவு இருக்கும். பிறகு அது பழுதென்று திரும்பி வந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

“என் ஐடியில போட்டா நான் செக் பண்ணதா ஆயிடும்ண்ணே. வாங்க, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி உங்களுதை ரீசெட் பண்ணிடலாம்” என்று கூடவே எழுந்து நடங்கள். அப்படிக் கூட நடப்பதிலேயே மரியாதை தெரிந்துவிடும்.

ஓ.டி.டி. விஷயம் சுலபம். 2023 ஜூலையிலேயே, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் சொல்லிவிட்டது. “ஒரு வீட்டுக்குத்தான் விடுறாங்க. ஞாயித்துக்கிழமை வா, சேர்ந்து பார்க்கலாம்” என்பது உண்மையான பதில். அந்தப் பாஸ்வேர்டையே மெயிலுக்கும் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்கு மட்டும் மாற்று வழி கிடையாது

“உன் அக்கவுண்ட்ல ஒருத்தர் பணம் போடுவார், எடுத்துக் கொடு, கமிஷன் தர்றேன்” என்று யாராவது கேட்டால், உதவும் வழி தேடாதீர்கள். அது மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் விசாரணையில் முதலில் முடக்கப்படுவது உங்கள் சம்பளக் கணக்கு. “இதுல நான் வரல, நீயும் போகாத” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பின்னைச் சொல்லிவிட்டீர்களா? சண்டை வேண்டாம், இன்றே மாற்றிவிடுங்கள். தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.

போன் டிஸ்பிளே போன நண்பர் அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டால், பின் கேட்டதையே மறந்துவிடுவார். நீங்கள் மறுபடி தூங்கப் போகலாம்.