விளக்கை அணைத்தார்கள்... ஆனாலும் கீரை ஆற்றல் தயாரித்தது!

வெயில் பட்டால்தான் இலை வேலை செய்யும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1966-ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆந்த்ரே ஜாகென்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேவும் அந்த வேலையில் ஒரு பகுதியை இருட்டிலேயே நடத்திக் காட்டினார்கள். வெளிச்சத்துக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தியது, அமிலக் குளியல்!

இலைக்குள் இருக்கும் பச்சை நிறத் துகளின் பெயர் பசுங்கணிகம். அதற்குள் தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருக்கும். இவைதான் தைலகாய்டுகள். வெளிச்சம் பட்டதும் இந்தப் பைகளின் சவ்வில் எலெக்ட்ரான்கள் ஓடும், ஏ.டி.பி என்ற மூலக்கூறு உருவாகும். செல்லின் அன்றாட வேலைகளுக்குக் கைச்செலவுக் காசு இந்த ஏ.டி.பி-தான்.

ஓடுகிற எலெக்ட்ரானின் ஆற்றல் ஏ.டி.பி-க்கு எப்படிக் கைமாறுகிறது? நடுவில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் அதைச் சுமந்துபோகிறது என்றே பலரும் நம்பினார்கள். வருடக்கணக்கில் தேடியும் அந்தப் பொருள் சிக்கவில்லை. 1961-ல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்றார். சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் குவிகின்றன, அவை மறுபக்கம் பாயும் வேகத்தில் ஏ.டி.பி உருவாகிறது என்பது அவர் கருத்து. அணையில் தேங்கிய தண்ணீர் டர்பைனைச் சுழற்றுவது மாதிரி! மிட்செலின் பேச்சை முதன்முதலில் கேட்டபோது ஜாகென்டார்ஃபுக்கே ஒன்றும் பிடிபடவில்லை, எரிச்சல்தான் வந்ததாம்.

அவரை யோசிக்க வைத்தது சொந்த ஆய்வகத்தில் கிடைத்த தடயம். பசுங்கணிகங்கள் மிதக்கும் கரைசலில் வெளிச்சம் பாய்ச்சினால், கரைசலின் அமிலத்தன்மை குறைந்தது. அதாவது, வெளியே இருந்த புரோட்டான்கள் பைக்குள் போகின்றன. அப்படியென்றால், வெளிச்சத்தை விட்டுவிட்டு நாமே புரோட்டான்களை உள்ளே ஏற்றினால்?

சில விநாடி குளியல்

நம்மூர் பாலக் கீரையைப் போன்ற ஸ்பினாச் கீரையை அரைத்து, தைலகாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். இருட்டில், பி.ஹெச் 4 அளவுள்ள அமிலக் கரைசலில் சில விநாடிகள் ஊறவைத்தார்கள். பிறகு சட்டென்று பி.ஹெச் 8 அளவுக்குக் காரமாக்கினார்கள். ஏ.டி.பி-யைவிட ஒரு பாஸ்பேட் குறைவான மூலக்கூறும், அதனுடன் சேர்வதற்காகக் கதிரியக்கப் பாஸ்பேட்டும் அதில் இருந்தன.

இப்போது பைக்கு உள்ளே அமிலம், வெளியே காரம். பி.ஹெச் கணக்கில் 4 புள்ளி வித்தியாசம் என்றால், புரோட்டான் செறிவில் 10,000 மடங்கு வித்தியாசம். புரோட்டான்கள் வெளியே பாய்ந்தன. சோதித்துப் பார்த்தால், கதிரியக்கப் பாஸ்பேட் ஏ.டி.பி-யில் ஏறியிருந்தது!

எந்த அமிலம் என்பதும் முக்கியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பலன் குறைவு. சக்சினிக் அமிலம் சேர்த்தபோது ஏ.டி.பி எக்கச்சக்கமாகக் கிடைத்தது. பி.ஹெச் 4-ல் சக்சினிக் அமிலத்தின் பெரும்பகுதி தன் புரோட்டான்களைப் பிரியாமல் வைத்திருக்கும். அந்த நிலையில் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். வெளியே காரமானதும், உள்ளே இருந்தபடியே புரோட்டான்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். ஒருவகையில், பைக்குள் ஒளித்துவைத்த சேமிப்பு அது.

சந்தேகம் வராதா?

வரும். இருட்டிலும் ரகசியமாக எலெக்ட்ரான் ஓடியிருந்தால்? அதற்காக, எலெக்ட்ரான் ஓட்டத்தை அடைக்கும் களைக்கொல்லியான டி.சி.எம்.யு-வைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் ஏ.டி.பி உற்பத்தியை முடக்கிப்போடும் பொருள் அது. இங்கே அது பெரிதாக எதையும் தடுக்கவில்லை. ஆனால், சவ்வின் இரு பக்க வித்தியாசத்தைக் கலைத்துவிடும் பொருட்களைச் சேர்த்தால் ஏ.டி.பி விழுந்துவிட்டது. உள்ளே வெளியே வித்தியாசத்தைக் குறைத்தாலும் அதே கதை. பழைய நம்பிக்கைக்காரர்களின் ‘சுமந்துபோகும் பொருள்’ முன்பே சேர்ந்திருக்கலாமே என்றால், அதற்கும் கணக்கு இடிக்கிறது. சவ்வில் உள்ள எலெக்ட்ரான் கடத்திகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகமாக ஏ.டி.பி கிடைத்திருந்தது.

ஒரு குளியலுக்கு ஒரு முறைதான் பலன். உள்ளிருக்கும் புரோட்டான்கள் தீர்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். உயிருள்ள இலையில், வெளிச்சம் விடாமல் புரோட்டான்களை உள்ளே ஏற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது தொடர்கிறது. இலைக்குள் யாரும் பி.ஹெச் 4-ல் குளிப்பதும் இல்லை. அங்கே பையின் உட்புறம் அவ்வளவு அமிலமாவதில்லை. புரோட்டான் வித்தியாசம் மட்டுமே போதும் என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டியது. வெளிச்சத்தில் புரோட்டான்கள் உள்ளே போவது ஏற்கெனவே தெரிந்திருந்ததால், இரண்டும் பொருந்திப்போயின.

இதற்குப் பிறகும் வாதங்கள் சில ஆண்டுகள் ஓயவில்லை. 1978-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு மிட்செலுக்குக் கிடைத்தது. கீரையை அமிலத்தில் குளிப்பாட்டியவர்களுக்கு அதில் பங்கில்லை.