புலிக்குழம்பு சாப்பிட்ட பிகார்க்காரர்

சென்னை அலுவலகங்களில் மதிய வணக்கமே ‘சாப்பிட்டீங்களா?’தான். பிகாரிலிருந்து வந்தவருக்கு முதலில் இதையே சொல்லித்தரலாம். கூடவே பதிலும் வேண்டும். சிரிப்பு அங்கேதான் கிளம்புகிறது.

‘புலிக்குழம்பு சாப்பிட்டேன்’ என்பார். அவர் நினைத்தது புளி. பொது இந்தியில் ளகரம் இல்லாததால் நாக்கு பழகிய லகரத்துக்கே போகிறது. மராத்திக்காரருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர் மொழியில் ளகரம் உண்டு.

திருத்தும்போது நாக்கின் இடத்தைக் காட்டுவதே பலன் தரும். லகரத்துக்கு நுனி மேல்பல்லின் பின்னே ஈறைத் தொடும். ளகரத்துக்குப் பின்னோக்கி மடிந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் மடியும், ஆனால் எதையும் தொடாது; தொட்டால் குழம்பு ‘குளம்பு’ ஆகிவிடும்.

‘புலி, புளி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லவைத்து, கேட்பவர் எது என்று ஊகிக்கட்டும். சரியாக ஊகித்துவிட்டால் ‘சாப்பிட்டீங்களா’வில் உள்ள ‘ளா’வுக்குப் போகலாம்.