'லைன் ஓகே' என்று மட்டும் எழுதாதீர்கள்

போடி, தேனி, கம்பம் பக்கம் மசாலாப் பொடியும் ஏலக்காயும் பாக்கெட் போடும் கூடங்களில் ஷிப்ட் மாறும்போது மெஷின் நிற்பதில்லை. போகிறவருக்கு வேனைப் பிடிக்கும் அவசரம், வருகிறவருக்கு உற்பத்திக் கணக்கின் அவசரம். அந்தச் சில நிமிடங்களில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் விரலைப் பறித்துவிடும்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைபர் ஆல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள்.

பவுச் மெஷினில் இதே தவறு எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சீல் தாடையில் ஃபிலிம் சிக்குகிறது. கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சுவிட்ச் பழுதாகியிருக்கிறது. ஷிப்ட் குறிப்பிலோ 'லைன் 2 ஓகே' என்று மட்டும் இருக்கிறது. அடுத்து வருகிறவர் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும் என்று நம்பிக் கையை விடுவார். குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்:

மெஷின் நிலை: லைன் 2, காலை 5.20க்கு நிறுத்தம். மெயின் சுவிட்ச் பூட்டியுள்ளது, சாவி எலக்ட்ரீஷியனிடம். தாடை இன்னும் சூடாக இருக்கிறது.
வழக்கத்துக்கு மாறானது: கதவு சுவிட்ச் வேலை செய்யவில்லை.
ஒதுக்கிய சரக்கு: 4.50 முதல் 5.20 வரை வந்த பாக்கெட்டுகளில் சீல் சந்தேகம். தனி ட்ரேயில் உள்ளன, அனுப்பக் கூடாது.
மீதி வேலை: சுவிட்சை மாற்றிச் சோதித்த பிறகே ஓட்டலாம்.
நேரம், இருவர் கையெழுத்து.

இதை மெஷின் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் காட்டிப் படித்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காததற்கு வருகிறவர் கையெழுத்துப் போடக் கூடாது. 'ஒன்றுமில்லை' என்றாலும் அந்தக் கட்டத்தில் அப்படியே எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், பார்த்தார்களா மறந்தார்களா என்று யாருக்கும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை: பழுதை எழுதிவிட்டதாலேயே ஓட்ட அனுமதி கிடைத்ததாக ஆகாது. பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத மெஷின் நிற்கத்தான் வேண்டும். 'இன்றைக்கு மட்டும் வயரை ஷார்ட் பண்ணி ஓட்டு' என்று யார் சொன்னாலும், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறிப்பில் எழுதுங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவு தொழிலாளிக்கு இந்த உரிமைகளைத் தருகிறது. பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறலாம். கடுமையான ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சினால், முதலாளிக்கு நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ தெரிவித்து, அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் சொல்லலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

காயம் பட்டுவிட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று கேளுங்கள். ஷிப்ட் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். 'கவனக்குறைவாகக் கையை விட்டார்' என்று பேச்சு வரும்போது, சுவிட்ச் பழுது முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.