ஃபேன் சத்தமும் நாலு கூட்டாளிகளும்

வேலரன்ட் மாதிரி ஐந்து பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் யாருடைய மைக் மோசமோ, அவருக்கு மட்டும் அது தெரியாது. அவதிப்படுவது மற்ற நாலு பேர். "டேய், உன் ரூம் ஃபேன் மட்டும்தான்டா கேக்குது" என்று யாராவது கடுப்பாகும்வரை, தன் குரல் கணீரென்று போய்ச் சேர்வதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்கியதும் டிஸ்கார்ட் செயலியைத் திறந்து இரைச்சல் நீக்கும் வசதியை ஆன் செய்வார். ஃபேன் சத்தம் போய்விடும். கூடவே குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகி, வார்த்தைகள் பாதிப் பாதியாக வந்து விழும்.

அந்த வசதியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் மைக்கின் இடமும் அளவும், அதன் பிறகு இரைச்சல், கடைசியில் பேசும் பொத்தான் என்று போக வேண்டிய வேலையைப் பெரும்பாலானோர் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேல் முழு வேகத்தில் ஃபேன். மேசையில் கீபோர்டுக்குப் பின்னால், வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சாதாரண மைக். குரல் போதவில்லை என்று விண்டோஸில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார் ஆடுபவர். மைக்குக்கு எது குரல், எது ஃபேன் என்று தெரியாது. ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். மைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தால் குரல் மட்டும் ஏறும். ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் 12 டெசிபல், அதாவது குரலின் அலை நாலு மடங்கு பெரிதாகிறது. காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை எந்த மென்பொருளாலும் தர முடியாது. ஹெட்செட் மைக்காக இருந்தால் வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் மூச்சும், 'ப' சொல்லும்போது வரும் காற்றும் மைக்கில் மோதிப் பொத் பொத்தென்று கேட்கும்.

இடம் சரியானதும் ஏற்றி வைத்ததை இறக்க வேண்டும். விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
mmsys.cpl
```

Recording பகுதியில் உங்கள் மைக்கை இருமுறை சொடுக்கி Levels பக்கத்துக்குப் போனால், பல கணினிகளில் Microphone Boost என்று ஒன்று இருக்கும். யுஎஸ்பி ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் கவலை வேண்டாம். அதில் +20 என்றால் பத்து மடங்கு, +30 என்றால் முப்பது மடங்குக்கும் மேல். நம் அறையின் சொந்தக்காரர் வைத்திருந்தது +30. அதை 0 அல்லது +10-க்கு இறக்கிவிட்டு, போதாத அளவை மேலே இருக்கும் சாதாரண ஒலியளவில் ஏற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு போதும் என்பதைக் காதால் முடிவு செய்யாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து பாருங்கள். அதன் அளவுகோலில் 0 என்பது கூரை. ஆட்டத்தில் பேசும் அதே தொனியில் பேசும்போது உச்சங்கள் -12 பக்கம் வந்தால் நல்லது. அடுத்து, கடைசி எதிரியை வீழ்த்திவிட்டால் எப்படிக் கத்துவீர்களோ அப்படிக் கத்துங்கள். வீட்டில் என்னவென்று கேட்டால் சமாளித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை அவசியம். அலையின் தலை கூரையில் இடித்துத் தட்டையாக இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். அப்படி நசுங்கிய குரலைப் பிறகு சத்தம் குறைத்துக் கேட்டாலும் கரகரப்பு போகாது.

இனி டிஸ்கார்ட். அமைப்புகளில் Voice & Video பக்கத்துக்குப் போய், Automatic Gain Control என்பதை அணைத்துவிடலாம் என்பது என் கட்சி. குரலின் ஏற்ற இறக்கத்தைத் தானாகச் சமன் செய்வதற்காக வைத்த வசதி அது. நீங்கள் சும்மா இருக்கும்போது, குரல் போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றத் தொடங்கும். ஃபேன் சத்தம் மெல்ல மெல்லப் பெருகும். பேச ஆரம்பித்ததும் சட்டென்று அமுங்கும். கூட்டாளிகள் "உன் ஃபேன் ஏறி ஏறி இறங்குது" என்றால் காரணம் இதுதான். அளவைக் கையாலேயே சரிசெய்துவிட்ட பிறகு இது தேவையில்லை.

இரைச்சல் நீக்குவதற்கு அதே பக்கத்தில் கிரிஸ்ப் என்ற வசதி இருக்கிறது. மனிதக் குரலை மற்ற ஓசைகளிலிருந்து பிரித்தெடுக்கப் பழக்கப்பட்ட மென்பொருள் அது. ஃபேன், கீபோர்டு தட்டல், குக்கர் விசில் எல்லாவற்றையும் நன்றாகவே அடக்கும். பக்கத்து அறை சீரியலில் அழுபவரை அடக்கும் என்று நம்ப முடியாது. அதுவும் மனிதக் குரல்தானே. ஒரு நேரத்தில் ஒரு வடிகட்டிதான் ஓட வேண்டும். ஹெட்செட்டுடன் வந்த மென்பொருளில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, டிஸ்கார்டில் ஒன்று என்று மூன்றும் சேர்ந்து ஓடினால், முதலாவது அரித்த குரலை அடுத்தது இரைச்சல் என்று எண்ணி மேலும் அரிக்கும். தண்ணீருக்குள்ளிருந்து பேசும் குரல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. டிஸ்கார்டில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்து, Mic Test-இல் உங்கள் குரலை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. டிஸ்கார்டின் வடிகட்டி டிஸ்கார்டில் பேசுவதற்கு மட்டும்தான். ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் பேச்சு வசதியில் முன்பின் தெரியாதவர்களோடு பேசும்போது அது துணைக்கு வராது. ஆனால் மைக்கின் இடமும் விண்டோஸ் அளவும் இரண்டுக்கும் பொது. அவற்றை முதலில் செய்யச் சொன்னது அதனால்தான்.

கடைசியாகப் பொத்தான். அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும் முறைக்கு Push to Talk என்று பெயர். வேலரன்டில் அணியோடு பேசும் பொத்தான் வழக்கமாக V. நகரும் பொத்தான்களில் விரல் இருக்கும்போது கட்டை விரலால் இதைத் தேடுவது சிலருக்குத் தடுமாற்றம். மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால் கை சுலபமாகிவிடும். டிஸ்கார்டுக்கும் ஆட்டத்துக்கும் தனித்தனிப் பொத்தான் கொடுங்கள். ஒரே பொத்தான் என்றால் இரண்டு இடத்திலும் மைக் திறந்து, நண்பர்களிடம் பேசும் வம்பு மொத்த அணிக்கும் போகும்.

பொத்தானை எப்போது விடுகிறோம் என்பதில் தமிழில் பேசுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது; "இல்லை" என்பதும் அங்கேதான். "பி பக்கம் யாரும் இல்ல" என்று சொல்லி முடிக்கும் முன்பே விரல் எழும்பிவிட்டால், கூட்டாளிக்குக் கேட்பது "பி பக்கம் யாரும்" வரைதான். மீதியை அவர் ஊகிக்க வேண்டும். டிஸ்கார்டில் Push to Talk Release Delay என்ற அளவு இருக்கிறது. விரலை எடுத்த பிறகும் எத்தனை மில்லி நொடி மைக் திறந்திருக்க வேண்டும் என்பது அது. 200 பக்கம் வைத்தால் கடைசி அசை தப்பிவிடும். ஒரு நொடிக்கு ஏற்றினால் பேசி முடித்ததும் விடும் பெருமூச்சு வரைக்கும் போய்ச் சேரும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் திரையில் இருக்கும்போது மட்டும் டிஸ்கார்ட் பொத்தான் வேலை செய்யாமல், ஆட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் வேலை செய்கிறதா? மைக்கைச் சந்தேகிக்காதீர்கள். ஆட்டம் நிர்வாகி அனுமதியோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது அதில் அழுத்தும் பொத்தான்களைச் சாதாரண அனுமதியில் ஓடும் டிஸ்கார்ட் பார்க்க விண்டோஸ் விடாது. டிஸ்கார்டை முழுவதும் மூடிவிட்டு, வலது சொடுக்கில் Run as administrator என்று திறந்தால் பொத்தான் உயிர் பெற்றுவிடும். அந்த ஆட்டத்துக்கே நிர்வாகி அனுமதி தேவையில்லை என்றால், அதைச் சாதாரணமாகத் திறப்பது இன்னும் நல்லது.