விருந்தாளி வந்தா கட்டிலுக்கு அடியில் ஓடும் பூனை: இழுக்காம, அதட்டாம எப்படிப் பழக்குவது?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வருகிறார்கள். காலிங் பெல் அடித்த மறு நொடி ஹாலில் படுத்திருந்த பூனையைக் காணோம். கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாகப் பதுங்கியிருக்கும். 'எங்கம்மா உங்க பூனை? கூப்பிடேன், பார்க்கலாம்' என்று சித்தி கேட்பார். வீட்டில் யாராவது குனிந்து, கையை நீட்டி, முன்னங்காலைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். கையில் கீறல் விழும், பூனை பரண் ஏறும். அன்று ராத்திரி வரை தண்ணீர்கூடக் குடிக்காது.

அம்பத்தூர், மேனாம்பேடு பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் பூனை வளர்க்கும் பலருக்கும் இது பழகிய காட்சிதான். இதில் தப்பு பூனை ஒளிந்ததில் இல்லை, அதை வெளியே இழுத்ததில்தான் இருக்கிறது.

எலியைப் பிடிக்கும் பூனை, நாய் போன்ற பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் கூடிய பிராணி. பயம் வந்தால் ஒளிவதுதான் அது தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரு விலங்குக் காப்பகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிய ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளுக்கு மூன்றாம் நாளிலேயே பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு அட்டைப்பெட்டி செய்த வேலை இது!

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் குட்டிகள் மனிதர்களோடு சுலபமாகப் பழகும் காலம். தெருவில் பிறந்து, அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த பூனை, வளர்த்தவரிடம் ஒட்டிக்கொள்ளும். புது ஆட்களிடம் கடைசி வரை கூச்சமாகவே இருக்கலாம். அதனால் 'விருந்தாளி மடியில் உட்கார வைக்கணும்' என்று இலக்கு வைக்க வேண்டாம். விருந்தாளி இருக்கும்போதும் அது நிம்மதியாகச் சாப்பிட்டு, தூங்கினால் போதும்.

ஒரு வாரம் முன்னாடியே அறை ரெடி

அந்த ஞாயிறு விருந்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பெட்ரூமில் எது பூனைக்கு? வந்தவர்கள் கைப்பை வைக்க, குழந்தையைத் தூங்க வைக்க, பாத்ரூம் போக நுழையாத அறைதான். அங்கே ஆன்லைனில் பொருள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, எதிரெதிரே இரண்டு பக்கமும் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போடலாம். ஒரே வாசல் இருந்தால் யாராவது எட்டிப் பார்க்கும்போது மாட்டிக்கொண்ட மாதிரி பயந்துவிடும். உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் துணியை, துவைக்காமலேயே போட வேண்டும். அதில் இருக்கும் தன் வாசனைதான் அதற்குத் தைரியம். லிட்டர் பாக்ஸ் ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையில்.

திங்கட்கிழமையிலிருந்தே ஒரு வேளைச் சாப்பாட்டை அந்த அறையில் வைக்கலாம். சாப்பிடும்போது கதவை முதல் நாள் ஐந்து நிமிஷம் மூடி, பூனை சத்தம் போடுவதற்கு முன்பே திறக்க வேண்டும். அப்புறம் இருபது நிமிஷம், வெள்ளி, சனியில் ஒரு மணி நேரம். இதைச் செய்யாமல் ஞாயிறு அன்று திடீரென்று உள்ளே தள்ளிப் பூட்டினால், அந்த அறை அதற்கு ஜெயில்தான்.

காலிங் பெல்லுக்கும் இதே வாரத்தில் பயிற்சி கொடுக்கலாம். பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து, மெல்லிய சத்தத்தில் ஒரு முறை ஒலிக்கவிட்டு, உடனே அதற்குப் பிடித்த ஒரு துண்டு கோழியோ மீனோ (உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்தது) கொடுங்கள். தினமும் நாலைந்து முறை போதும். பூனை ஓடாமல் கையைப் பார்க்க ஆரம்பித்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். காது பின்னால் மடங்கினால், உடம்பைத் தரையோடு ஒட்டினால், பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

விருந்து அன்று

பெல் அடித்த பிறகு பூனையைத் துரத்திப் பிடித்து அறையில் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் சொதப்பல். முதல் ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பத்து நிமிஷம் கயிறு ஆட்டி விளையாடவிட்டு, அந்த அறையில் சாப்பாடு வைத்துக் கதவை மூடிவிட வேண்டும். ஃபேன் ஓடட்டும். அந்தச் சத்தம் ஹால் பேச்சைக் கொஞ்சம் அமுக்கும். சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் அந்த அறைப் பக்கம் வேண்டாம்.

கதவில் 'உள்ளே பூனை, திறக்காதீங்க' என்று ஒரு பேப்பர் ஒட்டுவது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அவசியம். நம் வீடுகளில் விசேஷம் என்றால் வாசல் கதவு திறந்தேதான் இருக்கும். செருப்பைக் கழற்றியபடி ஒருவர், குழந்தையைத் தூக்கியபடி ஒருவர் என வரும் அந்த இடைவெளியில், மிரண்ட பூனை மாடிப்படி வழியாகத் தெருவுக்கே போய்விடும். ஜன்னலில் ஒட்டும் கொசுவலையை நம்ப வேண்டாம், பூனை பாய்ந்தால் பிய்ந்து வரும். ஜன்னலைச் சாத்துவது அல்லது கம்பி வலை போடுவதுதான் சரி.

கூட்டம் போன பிறகு ஒன்றிரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால் கதவைத் திறந்து வைக்கலாம். வருவதும் வராததும் பூனையின் இஷ்டம். வந்தால், விருந்தாளிக்கு ஒரே வேலை: உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது, உற்றுப் பார்க்காமல் இருப்பது. கையில் தின்பண்டம் வைத்து 'வா வா' என்று கூப்பிடுவது கூச்சமுள்ள பூனைக்குச் சரிப்படாது. ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் இழுக்க, அருகே வந்ததும் மிரண்டு கையைக் கீறும். தின்பண்டத்தைப் பூனைக்குப் பின்பக்கம் வீசினால், அது விலகிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தானாகத் திரும்பிப் பார்க்கும். நாலு முறை இப்படிச் செய்தால் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

கண்ணை மெதுவாக மூடித் திறப்பதும் உதவும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் அப்படிச் செய்தபோது, வெறுமனே உணர்ச்சி காட்டாமல் இருந்ததைவிட, பூனைகள் அவரை அதிகம் நெருங்கின. பூனை வந்து விரலை மோந்து, கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்திலும் தாடையிலும் மூன்று விநாடி தடவி நிறுத்த வேண்டும். வயிற்றில் கை வைக்கவே கூடாது. 'அத்தை, பூனையைத் தூக்கித் தாங்க' என்று அடம்பிடிக்கும் குழந்தையிடம் தின்பண்டம் வீசும் வேலையை ஒப்படைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

எப்போது டாக்டர்?

ராத்திரி பூனை வெளியே வராவிட்டால் பரவாயில்லை. தட்டு காலியாக இருக்கிறதா, லிட்டர் பாக்ஸில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பூனை பட்டினி கிடந்தால், குறிப்பாகக் குண்டான பூனை என்றால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும். ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பதற்றத்தில் சிறுநீர்ப்பை வீங்கி, பாதை அடைபடுவது ஆண் பூனைகளில் நடப்பதுதான். ஓரிரு நாளில் உயிரே போகும்.

ஒவ்வொரு விருந்துக்கும் இதே நிலை என்றால், ஆட்கள் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்து எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.